சொன்னது யார் என்று கேட்கிறவர்

எங்கள் வானொலி நிலையத்தில் அவருக்குக் கத்தரி என்றுதான் பெயர். முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் கூப்பிடாதவர்களும் இல்லை. அந்தப் பெயரை வைத்தது நான்தான். செய்தி வாசிக்கும் என் குரலில் ஊரே மயங்கிக் கிடக்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. நான் இழுத்து, நிறுத்தி, அழுத்தி வாசிக்க ஆசைப்பட்ட நீளமான வாக்கியங்களையெல்லாம் இந்த அம்மாள் சரசரவென்று வெட்டித் தள்ளினால் எனக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

அவர் செய்திப் பிரதி திருத்துபவர். நிருபர்கள் எழுதிக் கொடுப்பதைக் காதுக்கு ஏற்றபடி மாற்றித் தருவது வேலை. ஆரம்பத்தில் அவர் எங்கள் நிலையத்தின் தொலைபேசி அறையில்தான் இருந்தார். செய்தி முடிந்ததும் நேயர்கள் கூப்பிடுவார்கள். ‘எத்தனை பேர்னு சொன்னீங்க?’, ‘மூடுறது எந்தப் பாலம்?’, ‘இத யாரு சொன்னாங்க, அரசாங்கமா, ஆஸ்பத்திரியா?’ பதினோரு வருடம் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். சும்மா பதில் சொல்லி வைத்துவிடவில்லை. எந்தச் செய்தியில் எந்த இடம் புரியாமல் போனது என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்தார். ஐந்து நோட்டு. செய்தி ஆசிரியர் ஒருநாள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவரைச் செய்தி அறைக்கு மாற்றினார்.

அவருடைய பரீட்சை ஒன்று உண்டு. காலைப் பணிக்காரர்களைக் காரில் அழைத்து வரும் ஓட்டுநர் அண்ணன் ஆறு மணிக்குச் செய்தி அறையின் ஓரத்தில் உட்கார்ந்து டீ குடிப்பார். இந்த அம்மாள் பிரதியை ஒரே ஒரு முறை வாசிப்பார். பிறகு, “திருப்பிச் சொல்லுங்கண்ணே” என்பார். அண்ணன் தனக்கு நினைவிருப்பதைச் சொல்வார். முடிவில் இன்னொரு கேள்வி வரும்: “இத யாரு சொன்னாங்க?” அதற்கும் பதில் வந்தால் பிரதி பாஸ். விஷயம் நினைவிருந்து சொன்ன ஆள் நினைவில்லை என்றாலும் ஃபெயில், ஆளின் பட்டமும் பதவியும் நினைவிருந்து விஷயம் தப்பிப்போனாலும் ஃபெயில். வீட்டில் இதே பாட்டைத் தையல்காரரான அவர் கணவர் பட்டார். மெஷின் ஓடுகிற சத்தத்திலும் அவர் காதில் நின்றால்தான் அது நல்ல வாக்கியம் என்று இந்த அம்மாள் ஒரு கணக்கு வைத்திருந்தார்.

அந்தத் திங்கட்கிழமை வந்த பிரதியை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. நிருபர் இப்படி எழுதியிருந்தார்: நகரின் கிழக்குப் பகுதியில் சேகரிக்கப்பட்ட குடிநீர் மாதிரிகளில் முப்பத்தேழு புள்ளி ஐந்து சதவீதத்தில் நோய்க்கிருமிகள் இருப்பது கண்டறியப்பட்டுள்ளதாக மாநகரப் பொதுச் சுகாதாரப் பரிசோதனைக் கூடத்தின் நுண்ணுயிரியல் பிரிவுத் துணை இயக்குநர், கடந்த வெள்ளிக்கிழமை வெளியிட்ட இரண்டாம் காலாண்டு இடைக்கால அறிக்கையின் மூன்றாம் அட்டவணையில் தெரிவித்துள்ளார். அப்பாடா! வாசிக்க எனக்கு வாயெல்லாம் இனித்தது. ஓட்டுநர் அண்ணனுக்கு வாசித்தோம்.

“யாரோ பெரிய ஆபீசர். பேரு ரொம்ப நீளம். தண்ணியப் பத்தி என்னமோ சொல்றாரு” என்றார் அண்ணன்.

அம்மாள் பேனாவை எடுத்தார். முதலில் நிருபரைக் கூப்பிட்டு, எத்தனை குழாய், எங்கே எடுத்தது என்று கேட்டார். எண்பது குழாய்களாம், அதில் முப்பதில் கிருமியாம். அந்த எண்பதும் தண்ணீர் நாறுகிறது என்று புகார் வந்த தெருக்களில் மட்டும் எடுத்ததாம். அப்படியானால் கிழக்குப் பகுதி முழுவதுக்கும் இந்தக் கணக்கைச் சொல்ல முடியாதே என்றார் அம்மாள். நிருபர் தலையைச் சொறிந்தார். அந்தத் தெருக்காரர்கள் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டும் என்று கூடம் சொல்லியிருக்கிறதாம். குடிநீர் வாரியமோ, குழாய்களைக் கழுவிவிட்டோம், இப்போது தண்ணீர் சுத்தம் என்கிறதாம். பத்து நிமிடத்தில் பிரதி இப்படி ஆகிவிட்டது:

‘கிழக்குப் பகுதியில் சில தெருக்களின் குழாய்த் தண்ணீரில் கிருமி இருக்கிறது என்கிறது மாநகரப் பரிசோதனைக் கூடம். புகார் வந்த தெருக்களில் மட்டும் எண்பது குழாய்களைக் கூடம் சோதித்தது. முப்பதில் கிருமி இருந்தது. அந்தத் தெருக்காரர்கள் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டும். குடிநீர் வாரியம் இதை மறுக்கிறது. குழாய்களைக் கழுவியாகிவிட்டது, தண்ணீர் சுத்தம் என்பது வாரியத்தின் பதில்.’

துணை இயக்குநரும் அட்டவணையும் காணாமல் போயிருந்தார்கள். கூடத்தின் பெயர் ஒருமுறை முழுதாக வந்தது, அடுத்த வாக்கியத்தில் வெறும் கூடம், அதற்கடுத்ததில் அதுவும் இல்லை. பேசுகிற ஆள் மாறாதவரை திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டாம் என்பார். வாரியம் வந்ததும் அந்தப் பெயர் வாக்கியத்தின் தலையிலேயே வந்து நின்றது. ஆள் மாறும்போது கேட்பவருக்கு உடனே தெரிய வேண்டும் இல்லையா? புள்ளி ஐந்தும் ஒழிந்தது. அண்ணன் ஒரே மூச்சில் திருப்பிச் சொன்னார். யார் சொன்னது என்பதற்கு, கூடம் ஒன்று சொல்கிறது, வாரியம் வேறு சொல்கிறது என்று இரண்டு பேரையும் பிரித்துச் சொன்னார். எனக்குக்கூட அன்றைக்குக் கொஞ்சம் மலைப்பாகத்தான் இருந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

இங்கேதான் என் புத்தி கோணலாகப் போனது. ஏழு மணிச் செய்தியின் முடிவில் தலைப்புகளை ஒருமுறை திரும்பச் சொல்வோம். அன்றைக்கு விளையாட்டுச் செய்தி நீண்டுவிட்டது, கையில் பத்தே வினாடி. அம்மாள் எழுதிக் கொடுத்த தலைப்பு, ‘கிழக்குப் பகுதியில் புகார் வந்த தெருக்களில் எண்பது குழாய்களில் முப்பதில் கிருமி என்கிறது பரிசோதனைக் கூடம்’ என்று இருந்தது. இந்த அம்மாள் செய்வதும் இதைத்தானே என்று, நானும் பேனாவை எடுத்துத் தெருவையும் கூடத்தையும் அடித்துவிட்டு வாசித்தேன்: ‘கிழக்குப் பகுதியில் எண்பது குழாய்களில் முப்பதில் கிருமி.’ நேரம் மிச்சமானது. எனக்கு என்மேலேயே ஒரு பெருமை.

தலைப்பை மட்டும் கேட்கிறவர்கள்தான் ஊரில் அதிகம் என்பது தொலைபேசி அறையில் இருந்தவருக்குத் தெரியும், எனக்குத் தெரியவில்லை. எட்டு மணிக்குள் தொலைபேசிகள் கத்தத் தொடங்கின. கிழக்குப் பகுதியில் இரண்டு பள்ளிக்கூடங்கள் குழாயை அடைத்துவிட்டு வண்டித் தண்ணீருக்குப் போட்டி போட்டன. ஒன்பதரைக்குக் குடிநீர் வாரியத்திலிருந்து கடிதமே வந்துவிட்டது: யாருடைய கணக்கு என்று சொல்லாமல் நிலையமே தீர்ப்புச் சொல்லலாமா?

செய்தி ஆசிரியர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். மனிதர் கெட்டவரில்லை, ஆனால் மேலிடத்துக்குப் பயந்தவர். அதிகாரிகளின் பதவிப் பெயர்களை வெட்டுகிறார் என்று இந்த அம்மாள்மேல் ஏற்கெனவே ஒரு புகார் வந்திருந்தது. இன்னொன்று வந்தால் பழைய ஒலிநாடாக்கள் அடுக்கியிருக்கும் கிடங்கு அறைக்குப் போக வேண்டியதுதான் என்று அப்போதே சொல்லியிருந்தார். இன்றைக்கு அதைத் திரும்பச் சொன்னார். நாளையிலிருந்து கிடங்கு.

“நான் எழுதின தலைப்புல கூடம் இருந்துச்சு சார்” என்றார் அம்மாள். அவ்வளவுதான். என்னை ஒருமுறை பார்த்தார், பிறகு மேசையைப் பார்த்தார். வாசித்த தாள் எங்கே என்று ஆசிரியர் கேட்டார். என் சட்டைப் பைக்குள் நான்காக மடிந்து கிடந்தது. தேடிப் பார்க்கிறேன் என்றேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அப்படித்தான் சொன்னேன். ஒரு மணிச் செய்தியில் திருத்தம் வாசிக்க வேண்டும், எழுதிக் கொண்டு வாருங்கள் என்று ஆசிரியர் அம்மாளை அனுப்பிவிட்டார்.

செய்தி அறையில் அவர் தன் நாற்காலியில் உட்கார்ந்து திருத்தத்தை எழுதினார். நான் எதிர் மேசையில் இருந்தேன். பதினோரு வருடம் காத்திருந்து கிடைத்த நாற்காலி. ஐந்து நோட்டுகளும் மேசை ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன, கிடங்குக்கு எடுத்துப் போக அப்போதே அடுக்கிவிட்டார் போலிருக்கிறது. ஓட்டுநர் அண்ணன் மதிய வண்டிக்காக டீ கிளாஸோடு வந்து நின்றார். அன்றைக்கும் அம்மாள் அவரை விடவில்லை.

‘காலைச் செய்தியின் முடிவில் குழாய்த் தண்ணீர் பற்றிய கணக்கைச் சொன்னோம். அது மாநகரப் பரிசோதனைக் கூடத்தின் கணக்கு. புகார் வந்த தெருக்களுக்கு மட்டுமே பொருந்தும். தலைப்பில் இந்த விவரம் விடுபட்டுவிட்டது. குடிநீர் வாரியம் அந்தக் கணக்கை மறுக்கிறது.’

“திருப்பிச் சொல்லுங்கண்ணே.”

அண்ணன் கூடத்தைச் சொன்னார், தெருக்களைச் சொன்னார், வாரியத்தைச் சொன்னார். பிறகு டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “காலையில என்னமோ விட்டுப்போச்சாம்மா. யாரு விட்டாங்கன்னுதான் தெரியல” என்றார்.

அம்மாள் பேனாவை மூடினார். “அது போதும்ணே” என்றார்.

எனக்கு மூஞ்சியில் அறைந்த மாதிரி இருந்தது. அத்தனை வருடத்தில் ஃபெயிலான ஒரு பிரதியை அந்த மனுஷி பாஸ் என்று சொன்னது அன்றைக்கு ஒருநாள்தான். அதுவும் யாருக்காக? அவரைக் கத்தரி என்று சொல்லிச் சிரித்த எனக்காக. நான் எழுந்து போய் அந்தத் தாளை வாங்கினேன். ‘இந்த விவரம் விடுபட்டுவிட்டது’ என்பதை அடித்தேன். ‘வாசித்த நான் இந்த விவரத்தை விட்டுவிட்டேன்’ என்று எழுதினேன். சட்டைப் பையிலிருந்து அந்த மடித்த தாளையும் எடுத்து மேசையில் வைத்தேன். அவர் கையெழுத்தும் அதன்மேல் என் கோடும் எல்லாருக்கும் தெரியும்படி கிடந்தன.

“என்னைய மன்னிச்சிருங்க” என்றேன். “அங்கேயே சொல்லியிருக்கணும்.”

“சொல்லியிருக்கணும்” என்றார் அம்மாள். கோபமாகத்தான் சொன்னார். கண் கலங்கியிருந்தது. பிறகு நான் திருத்திய தாளை எடுத்து முதலிலிருந்து ஓட்டுநர் அண்ணனுக்கு வாசித்தார். அண்ணன் எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னார். யார் விட்டது என்று கேட்டதற்கு, சங்கடத்தோடு கையை என் பக்கம் நீட்டினார்.

இரண்டு தாள்களையும் நானே ஆசிரியர் அறைக்கு எடுத்துப் போனேன். அவர் பார்த்துவிட்டு, அம்மாள் அங்கேயே இருக்கட்டும், கிடங்குக்கு நீங்கள் போங்கள் என்றார். ஒரு மணிக்குத் திருத்தத்தை நான்தான் வாசித்தேன், இழுக்காமல், அழுத்தாமல். மறுநாளிலிருந்து ஒரு மாதம் கிடங்கு அறையில் ஒலிநாடாக்களைத் தூசி தட்டினேன். அங்கே ஒரு சின்ன வானொலி இருந்தது. தினமும் ஏழு மணிக்கு வேறொருவர் குரலில் அம்மாளின் பிரதியைக் கேட்பேன். கேட்டு முடித்ததும் நாடாக்களுக்கு நடுவில் தனியாக நின்று சத்தமாகத் திருப்பிச் சொல்லிப் பார்ப்பேன். ஒருநாள்கூட ஃபெயிலாகவில்லை.