ஐந்துக்கும் பத்துக்கும் இடையில்

பழைய நூல்களை இணையத்தில் ஏற்றும் அலுவலகம் ஒன்றுக்காக வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். ஸ்கான் செய்த பக்கத்தைக் கணினி எழுத்தாக்கிய பின், அட்டவணையின் ஒடுங்கிய கட்டங்களில் வரி முடிவில் சிறு கோட்டோடு உடைந்த சொற்களை ஒட்டவேண்டும். கட்டத்துக்குள் கோட்டை நீக்கி அடுத்த வரியோடு சேர்க்கும் கட்டளையை எழுதியிருந்தேன். "கொத்த-", "மல்லி" அழகாகச் சேர்ந்தன.

குழந்தை மருத்துவக் கைநூலை அனுப்பிய மறுநாள், காய்ச்சலில் கிடந்த மகளுக்கு மருந்து அளக்கும்போது போத்தலில் "2-3 வயது" என்று கண்டேன். இது வரி முடிவில் உடைந்திருந்தால் என் கட்டளை "23" ஆக்கியிருக்குமே. ஓடிப்போய்க் கோப்பைத் திறந்தேன். "5-" என்று முடிந்த வரியும் அதன்கீழ் இருந்த "10 துளி"யும் "510 துளி" ஆகியிருந்தன.

அலுவலகப் பொறுப்பாளர் அக்காவை அழைத்தேன்.

"அக்கா, அந்தப் புத்தகத்தைப் போட்டிட்டியளோ?"

"இல்லைப் பிள்ளை, பின்னேரம்தான். ஏன்?"

"ஐஞ்சு தொடக்கம் பத்துத் துளி, ஐஞ்ஞூற்றிப் பத்தாப் போச்சுது."

"ஐயோ, பிள்ளையை மருந்திலை குளிப்பாட்டவோ? திருத்தித் தா, நிப்பாட்டி வைக்கிறன்."

இருபுறமும் எண் வந்தால் கோட்டை விடும்படி கட்டளையை மாற்றி, ஒவ்வொரு கட்டத்தையும் படத்தோடு ஒப்பிட்டேன். மகள் தூங்கிய பிறகுதான் நினைவு வந்தது: போன மாதம் ஏற்றிய மருத்துவ நூலுக்கும் அதே பழைய கட்டளைதான். மீண்டும் அக்காவை அழைத்தேன்.