சீர்வரிசைச் செல்போனும் அதன் பெட்டியும்

வண்ணார்பேட்டையில் எனக்கு ஒரு கடை இருந்தது. பழைய ரேடியோ, டேப் ரிக்கார்டர், மிக்சி வாங்குவேன். துடைத்து விற்பேன். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. துடைக்க அது போதும்.

தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம் ஊருக்குள் செல்போன் வந்தது. நாம் கூப்பிட்டாலும் காசு, நம்மை யார் கூப்பிட்டாலும் காசு நம் கையிலிருந்துதான். அதனால் செல் வைத்திருந்தவர்கள் யாரும் பேச மாட்டார்கள். மணி அடித்தால் நம்பரைப் பார்த்துவிட்டு அணைப்பார்கள். பிறகு பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்து போய்ப் பேசுவார்கள். விஞ்ஞானம் வளர்ந்தது. பூத்துக்காரரும் வளர்ந்தார்.

பழைய செல்லும் விலைக்கு வர ஆரம்பித்தது. ஊரில் அதை வாங்க நான் ஒருவன்தான் இருந்தேன். அறிவினால் இல்லை. மற்றவர்களுக்குப் பயம்.

ஒரு நாள் மாஞ்சோலையிலிருந்து ஒரு பையன் வந்தான். பையன் என்றால் கல்யாணம் ஆனவன்தான். எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதுகிறவன். பஸ்ஸில் மலை இறங்கி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. பையைத் திறந்து ஒரு துண்டை எடுத்தான். அதற்குள் ஒரு கைக்குட்டை. கைக்குட்டைக்குள் செல். கண்ணாடி மேல் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை.

"அண்ணாச்சி, இது புதுசு. ஒரு வார்த்தை பேசுனது கிடையாது."

"ஏன், வாயில புண்ணா?"

"மலையில டவர் கிடையாது அண்ணாச்சி."

"பெறவு எதுக்கு வாங்குனீரு?"

"நான் எங்க வாங்குனேன்? தலைத்தீபாவளிக்கு மாமனாரு போட்டாவ."

மாமனாருக்குப் பாளையங்கோட்டையில் வீடு. ஒரு காலத்தில் ஆற்றுப் பாசனத்தில் வயல் வைத்திருந்த குடும்பம். வயல் போய்விட்டது. வயல் வைத்திருந்த நினைப்பு போகவில்லை. சொந்தத்தில் யாரும் மருமகனுக்குச் செல் போடவில்லை, தான் போட வேண்டும் என்று மெட்ராஸில் ஆள் வைத்து வாங்கியிருக்கிறார். மருமகன் இருக்கும் மலையில் அது வேலை செய்யுமா என்று யாரும் கேட்கவில்லை. சீர்வரிசையில் கொடுக்கிற குத்துவிளக்கை எல்லாம் கேட்டுவிட்டா கொடுக்கிறார்கள்?

செல்லைப் போட்டுப் பார்த்தேன். பேட்டரி நாலு கோடும் காட்டியது. அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. கோடு காட்டுவது வேறு, தாங்குவது வேறு. சும்மா இருக்கும்போது எல்லாப் பேட்டரியும் நல்ல பேட்டரிதான், மனுசனைப் போல.

இதற்கு நான் ஒரு சோதனை வைத்திருந்தேன். என் சிம் கார்டை அதில் போட்டு, கடையின் லேண்ட்லைனுக்கு அடிப்பேன். எடுக்க மாட்டேன். எடுத்தால் காசு. அடிக்கிற நேரத்தில்தான் செல் பேட்டரியை உறிஞ்சும். சத்து உள்ளது தாங்கும். கிழடு கவிழ்ந்துவிடும்.

அடித்தேன். லேண்ட்லைன் ஒரு தரம் கிணுங்கியது. செல் செத்துவிட்டது. மறுபடி போட்டேன். கொஞ்ச நேரத்தில் நாலு கோடும் திரும்ப வந்தன. மறுபடி அடித்தேன். மறுபடி செத்தது.

"பேட்டரி போச்சு," என்றேன்.

"பேசவே இல்லியே அண்ணாச்சி!"

"எப்பவும் ஆன்ல வச்சிருந்தீரா?"

"மாமா எப்ப போன் போட்டாலும் ஆன்ல இருக்கணும்னு சொல்லியிருக்காவ. ராத்திரி பகல் ஆன்லதான். கோடு கொறஞ்சா உடனே சார்ஜ்ல சொருகிருவேன்."

டவர் இல்லாத இடத்தில் செல் சும்மா இருக்காது. டவர் எங்கே, டவர் எங்கே என்று தேடிக்கொண்டே கிடக்கும். பேசுவதைவிட அந்தத் தேடலுக்குத்தான் பேட்டரி அதிகம் செலவு. காலையில் ஏற்றினால் மத்தியானம் இறங்கிவிடும். இவன் அதைப் பாதியிலேயே பிடித்துப் பிடித்து மறுபடி ஏற்றியிருக்கிறான். அந்தக் காலத்துப் பேட்டரிக்கு அதுவும் ஆகாது. ஒரு வார்த்தை பேசாமல் ஒரு பேட்டரி ஆயுசை முடித்துக்கொண்டது. ஊரில் இப்படிச் சில கல்யாணங்களும் உண்டு.

"மாமா கூப்பிட்டிருக்காரா?" என்று கேட்டேன்.

"தினமும் கூப்பிடுதாவ. தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு ஒரு பொம்பள சொல்லுதாளாம். யாருவே அந்தப் பொம்பளன்னு எங்கிட்ட கேக்காவ."

பேட்டரியைக் கழற்றினேன். உள்ளே ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்தேன். பிறகு கேட்டேன்.

"பெட்டி எங்க?"

அவன் முகம் மாறியது.

பெட்டி என்றால் வெறும் அட்டைப்பெட்டிதான். ஆனால் அதன் பக்கவாட்டில் ஒரு நம்பர் ஒட்டியிருக்கும். செல்லுக்குள் இருக்கிற நம்பரும் அதுவும் ஒன்றாக இருந்தால், பொருள் இவன் பொருள். பெட்டி இல்லை என்றால் திருட்டா, கப்பலில் வந்த கள்ளச் சரக்கா என்று வாங்குகிறவன் யோசிப்பான். யோசிக்கிறவன் குறைத்துத்தான் கேட்பான்.

"பெட்டி மாமா வீட்டுல ஷோகேஸ்ல இருக்கு."

"காலிப் பெட்டியா?"

"ஆமா. கண்ணாடிக்குள்ள. வாரவங்க போறவங்களுக்குக் காட்டுவாவ. மாப்பிளைக்கு செல்லு போட்டிருக்கேன்னு. பில்லும் அதுக்குள்ளதான் கெடக்கு."

செல் மலையில் டவரைத் தேடிக்கொண்டிருந்தது. பெட்டி பாளையங்கோட்டையில் ஊருக்குக் காட்சி கொடுத்துக்கொண்டிருந்தது. இரண்டில் எது உருப்படியாக வேலை பார்த்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

விலையைச் சொன்னேன். பேட்டரியும் பெட்டியும் சரியாக இருந்தால் ஆறாயிரத்து ஐநூறுக்கு எடுப்பேன். நல்ல பேட்டரி மெட்ராஸிலிருந்து வரவழைக்க ஆயிரத்து ஐநூறு. அது கழிந்தது. பெட்டிக்கு ஆயிரம் குறையும். நாலாயிரம்.

அவன் உட்கார்ந்துவிட்டான்.

"அஞ்சாயிரம் வேணும் அண்ணாச்சி."

"எதுக்கு?"

"வீட்டு அட்வான்சுக்கு. இங்கன டவுன்ல ஒரு கடையில வேலை கிடைச்சிருக்கு. பொண்டாட்டி அவ அப்பா வீட்டுலயே இருக்கா. வீடு பாத்துட்டேன். அஞ்சாயிரம் கொடுத்தாத்தான் சாவி. இல்லன்னா மாமா, நீரும் இங்கனயே வந்து இருமேன்னு சொல்லுதாவ."

"இருக்க வேண்டியதுதான?"

"ஷோகேஸ்ல எடம் இல்ல அண்ணாச்சி," என்றான்.

அப்போதுதான் அவனை எனக்குப் பிடித்தது. ஆனால் விலையை ஏற்றவில்லை. பிடித்ததற்கெல்லாம் விலை ஏற்றினால் கடை நடத்த முடியாது.

"பெட்டியைக் கொண்டாரும். அஞ்சு தாரேன்."

"மாமாகிட்ட எப்படிக் கேக்க?"

"அது உங்க குடும்ப விவகாரம்."

துண்டில் செல்லைச் சுற்றிக்கொண்டு போனான்.

எனக்கும் அதற்கு ஆள் தயாராக இருந்தார். வாழைத்தார் கமிஷன் மண்டி அண்ணாச்சி ஒருவர். நல்லதாக ஒன்று வந்தால் சொல்லும் என்று பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டைப் பையில் வெளியே தெரிகிற மாதிரி ஒன்று வேண்டும், அவ்வளவுதான். அவரும் ஒரே நிபந்தனைதான் வைத்திருந்தார். "பெட்டி இருக்கணும்வே. இல்லன்னா ஆயிரம் கொறச்சுக்கிடும்."

அடுத்த வாரம் அவன் வந்தான். கூடவே அவன் மனைவியும் வந்தாள். பேசியதெல்லாம் அவள்தான். வயர் கூடையில் முருங்கைக்காய் இருந்தது. அதன் அடியில் மஞ்சள் பை. மஞ்சள் பைக்குள் பெட்டி.

"அப்பா கோயிலுக்குப் போயிருந்தாவ. எடுத்துட்டு வந்துட்டேன்," என்றாள்.

"கேட்டா என்ன சொல்லுவ தாயி?"

"கரையான் அரிச்சிட்டுன்னு சொல்லுவேன்."

"கண்ணாடிக்குள்ளயா?"

"சீரு எனக்குப் போட்டதுதான அண்ணாச்சி? நான்தான் கரையான்."

அவன் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் இரண்டு நம்பரையும் ஒப்பிட்டேன். சரியாக இருந்தது. உள்ளே பில்லும் இருந்தது. மாமனார் பெயர் முழு இனிஷியலோடு இருந்தது. ஐயாயிரத்தை எடுத்துக் கொடுத்தேன். அவள்தான் வாங்கினாள். வாங்கி முருங்கைக்காய்க்கு அடியில் வைத்தாள். பெட்டி வந்த கூடையில் வீட்டு அட்வான்ஸ் போனது.

மறுநாள் கடை திறந்த கொஞ்ச நேரத்தில் ஒரு பெரியவர் வந்தார். நெற்றியில் திருநீறு, தோளில் மடித்த நேரியல். கடையைச் சுற்றிப் பார்த்தார். கண்ணாடி மேசைக்குள் பெட்டி இருந்தது. பக்கத்திலேயே செல்லும் இருந்தது. செல்லை அவர் பார்க்கவே இல்லை.

"அந்த டப்பா என்ன விலை?"

"செல்லோடயா?"

"செல்லு வேண்டாம். டப்பா மட்டும்."

யார் என்று புரிந்துவிட்டது. பழைய செல் வாங்க ஊரில் நான் ஒருவன்தான், மாமனாருக்குக் கடையைக் கண்டுபிடிக்கக் கஷ்டம் இருந்திருக்காது. புரிந்ததாகக் காட்டவில்லை. "ஆயிரம்," என்றேன்.

"காலி அட்டைக்கு ஆயிரமாவே? உள்ள இருந்த சாமானுக்கே எவ்வளவு கொடுத்திருப்பீரு?"

"அந்த டப்பா இல்லன்னா செல்லுல ஆயிரம் கொறையும். இருந்தா கூடும். நான் சொல்லுத விலை இல்ல. யாவாரம் அப்படி."

அவர் யோசித்தார். "நூத்தம்பதுக்குத் தாரும். புதுச் செருப்பு டப்பா சும்மாவே தாரான்."

"அப்ப செருப்பு டப்பாவை வையுங்க."

அவருக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தை நேரியலால் துடைத்தார். மடியை அவிழ்த்தார். ஆயிரம் வைத்தார்.

"உள்ள பில்லு இருக்கா?"

"பில்லு செல்லோட போவும். வாங்குதவருக்கு வேணும்."

"என் பேரு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பிறகு, "சரி. பில்லை யாரும் பாக்க மாட்டாவ. டப்பாதான் வெளிய தெரியும்," என்றார்.

நானே அதைவிடச் சரியாகச் சொல்லியிருக்க முடியாது.

பெட்டியை நாளிதழில் சுற்றச் சொன்னார். சுற்றிக் கொடுத்தேன். படி இறங்கினவர் திரும்பினார்.

"அவிய ரெண்டு பேரும் பாத்திருக்க வீட்டுல ஆத்துத் தண்ணி வருதா, போர் தண்ணியான்னு கேட்டீராவே?"

"கேக்கல."

"கேட்டிருக்கணும். அவளுக்கு உப்புத்தண்ணி ஆகாது." பஸ் ஸ்டாப் பக்கம் நடந்துவிட்டார். நான் வந்ததைச் சொல்லாதீர் என்றும் சொல்லவில்லை. சொல்லும் என்றும் சொல்லவில்லை.

மண்டி அண்ணாச்சி சாயந்திரம் வந்தார்.

"பெட்டி எங்கவே?"

"இல்ல. ஆயிரம் கொறச்சிருக்கேன். பில்லு இருக்கு. உள்ள இருக்க நம்பரும் பில்லுல இருக்க நம்பரும் ஒண்ணான்னு நீங்களே பாருங்க."

பார்த்தார். திருப்தி. பேட்டரி போனதையும் சொன்னேன். மெட்ராஸிலிருந்து புதுசு வர நாளாகும், வந்ததும் தருகிறேன் என்றேன்.

"பேட்டரிக்கு எவ்வளவு வச்சிருக்கீரு?"

"ஆயிரத்தி ஐநூறு."

"அதையும் கொறச்சுக்கிடும். யாரு பேசப்போறா? பைக்குள்ள நாலு கோடு காட்டுனா போதும்."

சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அந்தச் செல் வாழ்க்கையில் யாரிடமும் பேசவே இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

கொஞ்ச நாள் கழித்து மலைக்காரப் பையன் வந்தான். இப்போது டவுன்காரன். பழைய டேபிள் ஃபேன் ஒன்று வேண்டும் என்றான். நல்லதாக எடுத்துக் கொடுத்தேன்.

"வீடு எப்படி?"

"நல்லா இருக்கு அண்ணாச்சி. மாமா வந்து குழாயைத் திறந்து, தண்ணியை வாயில விட்டுப் பாத்தாவ. ஆத்துத் தண்ணிதான்னு சொன்ன பெறவுதான் காப்பியே குடிச்சாவ."

"பெட்டியைப் பத்திக் கேக்கலியா?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "அதுதான் ஆச்சரியம் அண்ணாச்சி. ஷோகேஸ்ல பெட்டி பழையபடி இருக்கு. அத்தை சாமி செயல்ங்காவ. இவ பேயடிச்ச மாதிரி இருக்கா. மாமா ஒண்ணும் சொல்ல மாட்டேங்காவ. யாராவது வந்தா மட்டும் காட்டுதாவ, மாப்பிளைக்குப் போட்டதுன்னு."

"சாமி செயலாத்தான் இருக்கும்," என்றேன்.

ஃபேனை மாட்டிக் காட்டினேன். ஓடியது. காசைக் கொடுத்துவிட்டு, ஃபேனைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.