வீடு வந்து சேராத குட்டி லாரி

ஐந்து வயதில் நான் சும்மா கதை கேட்கிற ஆள் இல்லை. கதைக்குக் காவல் இருக்கிறவள். ஒரு சொல் இடம் மாறினாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். பாவம் அம்மா!

அப்பா ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டினார். அவர் இல்லாத நாட்களில் என்னைத் தூங்கவைக்க அம்மாவே கட்டிய கதை இது. ஒரு குட்டி லாரி வீட்டுக்கு வருகிறது. வழியில் ஒரு மாடு, “லாரித் தம்பி, சத்தம் போடாதே, எங் கன்னுக்குட்டி தூங்குது” என்னும். “சரிக்கா, மெல்லப் போறேன், மெல்ல, மெல்ல” என்று லாரி நகரும். அடுத்து கோழியும் அதையே சொல்லும், லாரியும் அதையே சொல்லும். மூன்றாவது காக்கா. கதையில் ஆபத்து என்று பார்த்தால் குஞ்சு முழித்துக்கொள்ளுமோ என்பது மட்டும்தான்.

மாட்டுக்கு இருந்த அம்மாவின் குரல் கோழிக்குப் பாதியாகும்; காக்காவுக்கு வெறும் மூச்சு. ஒவ்வொரு ‘மெல்ல’வுக்கும் முதுகில் ஒரு தட்டு. போகப் போகத் தட்டும் தள்ளித் தள்ளி விழும். கடைசியில் லாரி வாசலில் நின்று விளக்கை அணைக்கும். அதோடு நானும் தூங்கிவிடுவேன். முடிவு வராமல் தூங்கவே மாட்டேன்.

ஒரு மழைநாள். இருட்டுவதற்குள் போனில் பேசிவிடுகிற அப்பா அன்று பேசவில்லை. சித்தப்பா வாசலில் வந்து நின்றார்.

“மலப்பாதையில மண்ணு சரிஞ்சு கெடக்காம் மதினி. அண்ணனுக்குப் போனே போகல.”

“செத்த நேரம் இருங்க தம்பி. இவளத் தூங்க வச்சுட்டு வாரேன்” என்று அம்மா என் பக்கத்தில் படுத்தாள்.

மாடு வந்தது, கோழி வந்தது, காக்காவும் வந்தது. அடுத்து லாரி வாசலுக்கு வரும் என்று கண்ணை மூடினேன். வந்ததோ ஆடு! பிறகு பூனை. பூனைக்குப் பின்னால் யானை! குரல் இறங்குவதற்குப் பதில் ஏறியது. தட்டுகள் மழைபோல விழுந்தன.

“காக்காவுக்கு அப்புறம் வீடும்மா!”

“இன்னைக்கு ரோடு நீளம்டி தங்கம்.”

“பொய்! லாரிய வீட்டுக்கு வரச் சொல்லு!”

அம்மா வாயைத் திறந்தாள். அந்த ஒரு வரி மட்டும் வரவில்லை. மறுபடியும் மாட்டிலிருந்து ஆரம்பித்தாள். எனக்கு வந்ததே கோபம்! அம்மாவுக்குக் கதை மறந்துபோச்சு, ஒப்புக்கொள்ள மனசில்லை என்றுதான் நினைத்தேன்.

சித்தப்பா போனை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார். “அண்ணன்தான் மதினி! ரோட்ட அடச்சுட்டாகளாம், அங்கிட்டு டவர் கெடைக்கலயாம். வண்டிக்கு ஒண்ணுமில்ல.”

அம்மா போனைக் காதில் வைத்தாள். “ம்... ம்...” என்று கேட்டுக்கொண்டாள். திரும்ப வந்து படுத்து, என்னை இறுக்கிக்கொண்டு, “குட்டி லாரி வீட்டுக்கு வந்துருச்சு” என்றாள். சொல்லிவிட்டு, ஓவென்று அழுதாள்.

கதை முடிகிற இடத்தில் இப்படியா சத்தம் போடுவது? நான் பதறிப்போய் அவள் வாயை இரண்டு கையாலும் பொத்தினேன்.

“மெல்லம்மா, மெல்ல. குஞ்சு முழிச்சுக்கிரும்.”