செல்வக்குமார் நீக்க மறுத்த வரி

எம். புதுப்பட்டியில் செல்வக்குமாரைத் தெரிந்த எவரும் அவரைப் பற்றி முதலில் சொல்வது ஒன்றுதான். பட்டாசு ஆலையின் கேட்டைத் திறந்ததும் அவர் தன் மேசைக்குப் போகமாட்டார். மருந்துக் கலவை அறைக்குப் போவார். பொறி பறக்காமல் இருக்கத் தரையில் ஈரச்சாக்கு கிடக்கிறதா, எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள், யாராவது கொலுசோ வளையலோ போட்டு வந்திருக்கிறார்களா என்று பார்த்த பிறகுதான் அவருக்கு டீ இறங்கும்.

மல்லாங்கிணற்றில் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போன அப்பாவின் பிள்ளை. விருதுநகரில் வேதியியல் படித்து, சூப்பர்வைசராக உள்ளே வந்து, மேனேஜர் ஆனார். முதலாளி கனகசபாபதிக்கு அவர் இல்லாமல் ஆலை ஓடாது. ஆனாலும் முதலாளி வீட்டு விசேஷத்துக்குப் போனால் பந்தலின் ஓரத்தில்தான் அவருக்கு நாற்காலி கிடைக்கும். அது அவருக்குள் கிடந்து அறுத்துக்கொண்டே இருந்தது.

ஒருமுறை ஓசூர்ப் பக்கம் வேலை தேடினார். அதற்காகத் தன்னைப் பற்றி ஒரு பக்கச் சுருக்கம் எழுதினார். ‘கலவை அறையை நாள்தோறும் நேரில் சோதித்தேன். கழிவைப் பாதியாகக் குறைத்தேன். என் பொறுப்பில் ஒரு சீசனிலும் உயிர்ச்சேதம் இல்லை.’ வேலைக்கு ஆள் எடுக்கிறவன் படிப்பதற்காக எழுதியது. கையால் என்ன செய்தாய், அதனால் என்ன மாறியது, இனி என்ன செய்யமுடியும் என்றுதான் அவன் கேட்பான். அந்த அளவில் நல்ல சுருக்கம். அழைப்பும் வந்தது. முதலாளி சம்பளத்தைக் கொஞ்சம் ஏற்றினார், இவரும் தங்கிவிட்டார்.

இரண்டாயிரத்து ஏழில் சென்னை முதலீட்டாளர்கள் சிலர் கம்பெனியில் பங்கு வாங்க முன்வந்தார்கள். குடும்பக் கடை மாதிரி இருந்தால் அவர்கள் மதிக்கமாட்டார்கள், டைரக்டர் போர்டில் வெளியாள் ஒருவர் வேண்டும் என்றான் முதலாளியின் மகன் மகேஷ்குமார். முதலாளி செல்வக்குமாரைக் கூப்பிட்டு, எதிரே நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

“இனி நீயும் டைரக்டர்லே. பேக்டரிக்குப் பொறுப்பாளின்னு சட்டப்படி ஒரு டைரக்டர் பேரக் குடுக்கணுமாம். அதுக்கும் ஒன் பேரையே போட்டிருக்கேன்.”

அந்தப் பொறுப்பு என்னவென்று செல்வக்குமாருக்குத் தெரியாதா? சூப்பர்வைசர்களுக்குத் தொழிற்சாலைச் சட்டம் சொல்லிக்கொடுப்பவரே அவர்தான். ஆலையில் எது நடந்தாலும் முதலில் அந்தப் பெயரைத்தான் தேடுவார்கள் என்று தெரியும். தெரிந்தும் கையெழுத்துப் போட்டார். மனம் முழுக்க அந்த நாற்காலியில் இருந்தது. பாவி மனிதன், அன்று வீட்டுக்குப் போய் மனைவி மாரிசெல்வியிடம் அதை மூன்று தடவை சொன்னார்.

முதலீட்டாளர்களுக்கு ஒரு புத்தகம் அச்சிட வேண்டியிருந்தது. அதில் டைரக்டர்கள் ஒவ்வொருவரையும் பற்றிச் சின்னக் குறிப்பு. எழுத்து வேலையென்றால் வழக்கம்போல இவர் தலையில்தான். முதலாளிக்கு நாலு வரி எழுதினார்: தொழிலில் நாற்பது ஆண்டு, உற்பத்தியாளர் சங்கத்தின் முன்னாள் தலைவர், அச்சகம் ஒன்றிலும் இயக்குநர், வளர்ச்சிக்கும் நிதிக்கும் வழிகாட்டுகிறார். மகனுக்கு மூன்று வரி. தனக்கு என்று வந்தபோது பழைய ஓசூர்ச் சுருக்கத்தை எடுத்து, ‘சோதித்தேன்’ என்றிருந்ததைச் ‘சோதிக்கிறார்’ என்று மாற்றினார். முக்கால் பக்கம் வந்தது.

கம்பெனிச் செயலாளர் வேலைக்காகச் சென்னையில் அமர்த்தியிருந்த ஸ்ரீமதி, அதைப் படித்துவிட்டுப் போன் செய்தார். முதலாளியின் அறையில் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்கள்.

“சார், இது வேலை கேட்கிறவங்க எழுதுற சுருக்கம். போர்டு குறிப்பு வேலை கேட்காது. இவர் எவ்வளவு பெரிய பொறுப்பு வகிச்சார், என்ன படிப்பு, வேற எந்த போர்டுல இருக்கார், இவர் முடிவை நம்பலாமான்னுதான் அதுல பார்ப்பாங்க. அன்றாட வேலையை எடுத்துடுங்க. பாதுகாப்பு ஏற்பாடுகளைப் போர்டு சார்பாக மேற்பார்வை செய்கிறார்னு ஒரே வரி போதும்.”

செல்வக்குமாருக்கு முகம் சுருங்கிப் போனது. இத்தனை வருடம் வெந்த வேலை ஒரே வரியா? மற்றதையெல்லாம் குறைக்கச் சம்மதித்தார். ‘கலவை அறையை நாள்தோறும் நேரில் சோதிக்கிறார்’ என்பதை மட்டும் எடுக்கமாட்டேன் என்றார். அது அவர் சம்பாதித்தது, மற்ற இரண்டு குறிப்பிலும் அப்படி ஒரு வரி கிடையாது.

ஸ்ரீமதி விடவில்லை. “அச்சுல வந்துட்டா அது நீங்க கொடுக்கிற வாக்கு சார். ஒரு நாள் போகலைன்னாலும் கேட்பாங்க.”

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அவன் எழுதுனது அப்படியே இருக்கட்டும்மா,” என்றார்.

பெரிய மனசு என்று செல்வக்குமாருக்குக் கண் கலங்கியது.

புத்தகம் சிவகாசியிலேயே வழவழப்பான தாளில் அச்சாகி வந்தது. செல்வக்குமார் ஒரு பிரதியை ஆலைக்குக் கொண்டுபோய், சாப்பாட்டு நேரத்தில் ஆங்கிலத்தில் இருந்த தன் குறிப்பைத் தமிழில் சொல்லிக் காட்டினார். கலவை அறையில் வேலை பார்த்த பொன்மணி சோற்றுக் கையோடு சிரித்தாள். டைரக்டர் ஆகிவிட்டால் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பீகளா என்று கேட்டாள். புத்தகத்திலேயே போட்டிருக்கிறதே, வராமல் எங்கே போவேன் என்று இவரும் சிரித்தார். அன்று சாயங்காலம் அதை அவள் தன் புருஷன் சங்கிலிமுத்துவிடம் சொல்லியிருக்கிறாள்.

தீபாவளி ஆர்டர் நெருக்கும் நேரத்தில் சென்னையில் முதல் போர்டு கூட்டம் வைத்தார்கள். செல்வக்குமார் புதுச் சட்டை போட்டுக்கொண்டு முதல் நாளே ரயிலேறினார். அவர் இல்லாத காலையில், லோடு சாயங்காலமே கிளம்பவேண்டும் என்று மகேஷ்குமார் போர்மேனுக்குப் போன் போட்டிருந்தான். நாலு பேர் இருக்கவேண்டிய கலவை அறைக்குள் ஏழு பேர் இருந்தார்கள். தரையில் சாக்கு காய்ந்து கிடந்தது. இருந்திருந்தால் செல்வக்குமார் பாதிப் பேரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்திருப்பார்.

கலவை அறை வெடித்துவிட்டது என்று கூட்டத்தின் நடுவில் போன் வந்தது. ஏழு பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. பொன்மணியை மூக்குத்தியை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள்.

விசாரணையில் போர்மேனையும் செல்வக்குமாரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த போனைப் பற்றிப் போர்மேன் சொன்னான். மகேஷ்குமாரோ, தான் அப்படிப் பேசவே இல்லை என்றான். முதலாளி பக்கத்து வக்கீல் இரண்டைக் காட்டினார். சட்டப்படி பொறுப்பாளியாகச் செல்வக்குமார் போட்ட கையெழுத்து ஒன்று. அதற்குத் துணையாக அந்த வழவழப்பான புத்தகம். என் கட்சிக்காரர்கள் வளர்ச்சிக்கும் நிதிக்கும் வழிகாட்டுகிறவர்கள், கலவை அறை யார் கையில் இருந்தது என்று இவரே எழுதியிருக்கிறார், படித்துப் பாருங்கள் என்றார். எல்லாக் குறிப்பையும் எழுதியது செல்வக்குமார்தான். முதலாளியைக் காப்பாற்றிய அந்த நாலு வரியும் அவருடையதுதான்.

ஜாமீனில் வந்தவர், மாரிசெல்வி தடுத்தும் கேளாமல் சங்கிலிமுத்து வீட்டுக்குப் போனார். சட்டம் எப்படிப் போனாலும் அங்கே மட்டும் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை கோத்துக்கொண்டு போனார். மகேஷ்குமாரின் போன் வந்தது, அறைக்குள் ஆளைக் கூட்டியது, தான் ஊரில் இல்லாதது.

சங்கிலிமுத்து அவரைத் திட்டவில்லை. வாங்க என்று சொல்லி ஸ்டூலை எடுத்துப் போட்டார். செல்வக்குமார் உட்காரவில்லை.

“அய்யா, நான் படிக்காதவன்,” என்றார் சங்கிலிமுத்து. “நீங்க தெனமும் அந்த ரூமப் பாப்பீகன்னு பொஸ்தகத்துலயே போட்டிருக்காமே. அவ வந்து சொன்னா. அதுக்கப்புறம் நான் அவள வேலைக்குப் போகவேண்டாமின்னு ஒரு நாளும் சொல்லலை.”

கோத்துக்கொண்டு வந்த வார்த்தைகளோடு செல்வக்குமார் வந்த வழியே திரும்பி நடந்தார்.