நைதரசனுக்குப் போட்ட பொசுபரசு விடை

முப்பது வருசத்துக்குக் கிட்ட மூலக்கூற்று வடிவம் படிப்பிச்சுப்போட்டன். நித்திரையிலை தட்டி எழுப்பிக் கேட்டாலும் பிழையில்லாமல் சொல்லுவன் எண்டு ஒரு எண்ணம். அந்த எண்ணத்தாலை வந்த வினைதான் இது.

ஒரு வருசம் உயர்தர வகுப்புக்கு ஒரு கேள்வி போட்டனான். PH₃, PF₃ இந்த ரெண்டிலையும் எதின்ரை பிணைப்புக் கோணம் கூட, ஏன்? PF₃தான் கூட. புளோரினின்ரை தனிச்சோடி இலத்திரன் கொஞ்சம் பொசுபரசிலை கிடக்கிற வெறும் இடத்துக்குள்ளை இறங்கும். பிணைப்பு தடிக்கும். தடிச்ச பிணைப்புகள் ஒண்டையொண்டு கூடத் தள்ளும், கோணம் விரியும். அப்பிடித்தான் நாங்கள் படிப்பிக்கிறது. நாலு புள்ளிக் கேள்வி, ஒரு பிரச்சினையும் வரேல்லை.

அடுத்த வருசம் எங்கடை பள்ளிக்கூடத்திலை ரெண்டு ஆசிரியர்மார் இடமாற்றத்திலை போயிட்டினம். அவையின்ரை பாடமும் என்ரை தலையிலை. காலமை நீர்வேலியிலை பஸ் ஏறினால் பின்னேரம் வந்து இறங்கேக்கை கால் ரெண்டும் வீங்கியிருக்கும். அந்த நேரம் பாத்து அதிபர், வெள்ளிக்கிழமைக்குள்ளை தவணைப் பேப்பர் வேணும் எண்டார். நான் பழைய பேப்பரை எடுத்து மூலகங்களை மாத்தினன். எல்லா ரசாயன ஆசிரியரும் செய்யிற வேலைதான், ஒளிக்க ஒண்டும் இல்லை. கேள்வியிலை P இருந்த இடத்திலையெல்லாம் N போட்டன். விடை எழுதியிருக்கிற புள்ளித்திட்டத்திலையும் P இருந்த இடத்திலை N போட்டன். போட்டிட்டு அதை ஒருக்கால் வாசிச்சுப் பாத்தனோ எண்டு கேட்டால், இல்லை.

அந்த வகுப்பிலை வல்வெட்டித்துறையிலையிருந்து வாற பிள்ளை ஒண்டு இருந்தாள். தகப்பன் கடற்தொழில். அவளுக்குப் பாடமாக்க வராது. ஆவர்த்தன அட்டவணையைக் கேட்டால் பாதியிலை நிண்டுடுவாள். வாய் திறக்கிறதும் குறைவு. எங்கடை பள்ளிக்கூடத்திலை ஒரு வழக்கம் இருக்கு. முதலாம் வருசக் கடைசித் தவணையிலை ரசாயனத்திலை முப்பத்தைஞ்சு எடுக்காத பிள்ளையளை உயிரியல் பிரிவிலை வைச்சிருக்கமாட்டம், கலைப்பிரிவுக்கு மாத்திவிடுவம். அதாலை அவளுக்கு அந்தப் பேப்பர் வாழ்வோ சாவோ எண்ட மாதிரி.

அவள் எழுதின விடை எனக்கு இப்பவும் வரிக்கு வரி தெரியும். "இரண்டிலும் நைதரசனைச் சுற்றி நான்கு இலத்திரன் சோடிகள். அதில் ஒன்று தனிச்சோடி. எனவே இரண்டும் முக்கோணக் கூம்பகம். ஆனால் புளோரின் பிணைப்புச் சோடிகளைத் தன் பக்கம் இழுத்து வைத்திருப்பதால் அவை நைதரசனுக்குக் கிட்ட நெருங்கி நிற்கமாட்டா. ஒன்றையொன்று தள்ளுவது குறைவு. ஆகவே NF₃ இன் கோணம் சிறியது."

திட்டத்தைப் பாத்தன். NF₃ கூட எண்டு கிடந்துது. சிவப்புப் பேனையாலை குறுக்கை ஒரு கோடு இழுத்து, சைபர் போட்டுட்டு அடுத்த பேப்பரை எடுத்தன். அவளுக்கு மொத்தம் முப்பத்திரண்டு.

பேப்பர் குடுத்த அண்டைக்கு அவள் மேசைக்குக் கிட்ட வந்தாள். "டீச்சர், இந்தக் கேள்வி..." எண்டு துவங்கினவள். எனக்கு அடுத்த வகுப்புக்கு மணி அடிச்சிட்டுது. "திட்டத்திலை இருக்கிறதுதான் பிள்ளை புள்ளி. ஒவ்வொருத்தரும் வந்து கேட்டால் நான் என்ன செய்யிறது?" எண்டு சள்ளெண்டு விழுந்தன். பேப்பரை மடிச்சுக்கொண்டு போயிட்டாள்.

பத்து நாள் கழிச்சு, மற்ற வகுப்பின்ரை பேப்பரைத் திருத்திற இளம் வாத்தியார், நான் தம்பி எண்டு கூப்பிடுறவர், ஆசிரியர் அறைக்கு வந்தார். பண்டத்தரிப்புப் பக்கம், வேலைக்கு வந்து மூண்டு வருசம்தான். வேற வேலையள் வந்து அவர் பேப்பரைத் தொடவே சுணங்கிப்போச்சு. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "டீச்சர், குறை நினைக்காதேங்கோ, இந்த NF₃ விடை எனக்குச் சரிவரேல்லை," எண்டார்.

"அதிலை என்ன? பிணைப்பு தடிக்கும், தள்ளுகை கூடும்."

"தடிக்கிறதுக்கு நைதரசனிலை இடம் எங்கை, டீச்சர்? எட்டும் நிரம்பிப்போய்க் கிடக்கு. பொசுபரசெண்டால் சரி."

அவர் சொன்னது சரிபோலைதான் பட்டுது. எண்டாலும் விட மனமில்லை. ஒரு பழைய கடதாசியிலை கீறினன். நைதரசனிலை இலத்திரன் அஞ்சு, மூண்டு புளோரின் தாறது மூண்டு, மொத்தம் எட்டு. நாலு சோடி. நாலும் விலகி நிக்கப் பாத்தால் நான்முகி, நூற்றி ஒன்பதரைப் பாகை. அதிலை ஒண்டு தனிச்சோடி. அது நைதரசனை ஒட்டிப் பரந்து கிடக்கும், மற்ற மூண்டையும் நெருக்கும். அமோனியாவிலை அதாலைதான் நூற்றியேழு. NF₃ இலை பிணைப்புச் சோடியள் புளோரின் பக்கம் போயிட்டுது, எதிர்த்துத் தள்ள ஆளில்லை. தனிச்சோடி இன்னும் நெருக்கும். நூற்றிரண்டு. தம்பி பக்கத்திலை தண்ணியையும் OF₂ ஐயும் கீறினார். தண்ணி நூற்றி நாலரை, OF₂ நூற்றி மூண்டு. அங்கையும் புளோரின் வந்தால் குறையுது.

"ஐயோ கடவுளே," எண்டன். 

எங்கை பிழைச்சதெண்டு தேட வேண்டியிருக்கேல்லை. எழுத்தை மாத்தினனான், அணுவை மாத்தேல்லை. என்ரை வகுப்பிலை எல்லாரும் நான் படிப்பிச்ச பொசுபரசு விடையைப் பாடமாக்கி, NF₃ கூட எண்டு எழுதி என்னட்டை நாலு புள்ளி வாங்கியிருந்தினம். அவள் ஒருத்திதான் மற்றப் பக்கம். முப்பத்திரண்டோடை நாலு, முப்பத்தாறு.

அதிபரிட்டை ஓடினன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழட்டி வைச்சுட்டு, "அந்தப் பிள்ளை போன திங்களே கலைப்பிரிவுக்கு மாறியாச்சே," எண்டார். பிறகு, பிள்ளைக்கு விருப்பமெண்டால் அந்த மாற்றப் படிவத்தைக் கிழிக்கலாம் எண்டு சொன்னார். எனக்கு அவரிலையும் கோவம், என்னிலை அதைவிடக் கோவம்.

இடைவேளைக்கு அவளைக் கூப்பிட்டன். ஆய்வுகூடத்து வாசலிலை வந்து நிண்டாள், கையிலை புவியியல் கொப்பி. இருக்கச் சொன்னன், இருக்கேல்லை. நான் சுத்தி வளைக்கேல்லை. "நீ எழுதினதுதான் சரி பிள்ளை. நான்தான் பிழை விட்டுட்டன். நீ பாஸ். திரும்பி வா," எண்டன். கடதாசியிலை கீறினதையும் காட்டினன், ரெண்டு கோணத்தையும்.

அவள் கடதாசியை வாங்கி நெடுநேரம் பாத்தாள். சந்தோசப்படுவாள் எண்டு நினைச்சன். முகத்திலை ஒண்டும் இல்லை.

"டீச்சர், நான் அண்டைக்குக் கேக்க வந்தது புள்ளி இல்லை," எண்டாள். "நான் யோசிச்சதிலை எந்த இடத்திலை பிழை எண்டுதான் கேக்க வந்தனான். வீட்டை போய் நாலைஞ்சு நாள் தேடினன். கண்டுபிடிக்க முடியேல்லை. அதாலை எனக்கு யோசிக்கவே தெரியாது எண்டு முடிவெடுத்துத்தான் அப்பாட்டைச் சொல்லிப் படிவத்திலை கையெழுத்து வாங்கினனான்."

"களைச்சுப்போய் இருந்தனான் பிள்ளை," எண்டு சொன்னன். உண்மைதான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு முன்னாலை அதைச் சொல்லேக்கை எனக்கு வெக்கமாய் இருந்துது, அழுகையும் வந்துது.

"அப்ப பிழையே இல்லையோ, டீச்சர்?" எண்டு கேட்டாள்.

"இல்லை," எண்டன். "ஒரு இடத்திலையும் இல்லை."

அவள் அப்பதான் கதிரையிலை இருந்தாள். இருந்து, புவியியல் கொப்பியாலை முகத்தை மூடிக்கொண்டு அழத் துவங்கினாள்.