பதினான்காவது வரி

ஜாலான் புசார் சாலையில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இயங்கிய மென்பொருள் நிறுவனத்தில் அமலாவுக்கு வேலை. கப்பல் பட்டறைகளுக்கான பாதுகாப்புச் செயலியில் அடுத்து எதைச் செய்வது என்று அவள்தான் வரிசைப்படுத்துவாள்.

அந்தத் திங்கட்கிழமை, பட்டறைப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் அண்ணாதுரை அழைத்தார்.

"மேடம், கப்பல் டேங்க் உள்ள சிக்னல் போனா, பழைய கேஸ் ரீடிங்கே போன்ல 'ஆபத்தில்லை'ன்னு பச்சையா நிக்குது. டேங்க் வாசல்ல காவலுக்கு நிக்கிற ஆளு அதை நம்பிட்டு இருக்கான்."

குரலில் பதற்றமில்லை. அதுவே அவளுக்கு என்னவோ போலிருந்தது.

வேலைப் பட்டியலில் சேர்த்து, எது முதலில் என்று தீர்மானிக்கும் 'ரைஸ்' கணக்குப் போட்டாள். ஒரு காலாண்டில் எத்தனை பேரைத் தொடும், ஒருவருக்கு எவ்வளவு பயன், நம் மதிப்பீட்டில் எவ்வளவு நம்பிக்கை: இம்மூன்றையும் பெருக்கி, ஆகும் உழைப்பால் வகுக்க வேண்டும். முகப்புத் திரையின் புதுத் தோற்றத்துக்கு ஆறாயிரம் பேர், பயன் அரை, நம்பிக்கை எண்பது விழுக்காடு, உழைப்பு இரண்டு ஆள்-மாதம். ஆயிரத்து இருநூறு. டேங்க் கோளாறுக்குத் தொண்ணூறு பேர், பயன் மூன்று, நம்பிக்கை பாதி, உழைப்பு மூன்று ஆள்-மாதம். நாற்பத்தைந்து. பதினான்காவது இடம்.

நம்பிக்கையை நூறாக்கிப் பார்த்தாள். தொண்ணூறுதான் வந்தது. பயனுக்கு மூன்றுக்கு மேல் எண்ணே கிடையாது. பொத்தானின் இடத்தை மாற்றுவதும் உயிர் போவதும் அந்த ஒரே அளவுகோலுக்குள் அடங்கியாக வேண்டும். மற்ற எண்களும் குத்துமதிப்புதான். பெருக்கி வந்த விடைக்கு மட்டும் எப்படியோ ஒரு துல்லியம் வந்துவிடுகிறது.

"தாவூது அண்ணே, இதை இந்தக் கணக்குல வைக்கவே கூடாது," என்றாள் நிறுவனர் சேக் தாவூதிடம்.

"எல்லாரும் அவங்கவங்க ஐட்டத்துக்கு அப்படித்தான் சொல்றாங்க லா. ஸ்கோர் இருக்கறதே அதுக்குத்தானே? நெக்ஸ்ட் குவார்ட்டர் பார்ப்போம்."

படியிறங்கியதும் அண்ணாதுரையை அழைத்தாள்.

"எங்க ஆப்பை டேங்க்ல நம்பாதீங்க. உள்ள போற ஒவ்வொருத்தர் கையிலயும் அலறுற கேஸ் மீட்டர் இருக்கட்டும். வாசல் ஆளு ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிடட்டும்."

"எழுத்துல தருவீங்களா, மேடம்?"

வேலை போகலாம் என்று தெரிந்தே மின்னஞ்சலில் அனுப்பினாள்.

பதினேழாம் நாள் காலை பத்தரைக்குக் குமரன் என்ற வெல்டர் மூன்றாம் அழைப்புக்குப் பதில் சொல்லவில்லை. அவனுடைய மீட்டர் அலறிய சத்தம் வாசல்வரை எட்டவில்லை. வாசல்காரரின் போன் பச்சையாகவே இருந்தது. மீட்புக்குழு மூச்சுக்கருவி மாட்டி இறங்கி அவனைத் தூக்கி வந்தது. பிழைத்துக்கொண்டான். இடது கை விரல்கள் மட்டும் இன்னும் நடுங்குகின்றன.

அவள் அண்ணாதுரைக்கு எழுதிய மின்னஞ்சலைச் சேக் தாவூது இருமுறை படித்தார். திட்டவில்லை. "உயிர் சம்பந்தப்பட்டதுக்கு இனிமே ஸ்கோர் வேணாம், தனியா எடுத்து முதல்ல செஞ்சிடு," என்றார்.

அன்று மாலை அமலா பட்டியலைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படித்தாள். ஐம்பத்தெட்டு வரிகள். முப்பத்தோராவது வரிக்கு வந்தபோது கை நின்றது. கிரேன் எச்சரிக்கை சில போன்களில் ஒலிப்பதில்லை. பன்னிரண்டு பேர். மதிப்பெண் ஆறு. எழுதிப் போட்டு எட்டு மாதமாகியிருந்தது.

அதைச் சொல்லியிருந்த பட்டறையை உடனே போனில் அழைத்தாள். மறுமுனையில் யாரும் எடுக்கவில்லை.