கிணற்றில் தொடங்கிய விண்ணப்பம்

என் தங்கை சிவமலருக்குக் கள்ளம் செய்யத் தெரியாது. அதனால்தான் 2004 மார்கழியில், என்னைக் கண்டதும் அவள் கதையை நிறுத்தத் தொடங்கியபோது எனக்குள் சந்தேகம் எழும்பியது. அந்த இந்தியப் பிள்ளை பார்கவி வீட்டுக்கு வரத் தொடங்கிய பிறகுதான் இதெல்லாம்.

சிவமலர் மொன்றியலுக்கு வந்ததும் தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் சோதனைக் குழாய்கள் கழுவினாள். பின்னேர வகுப்புகளுக்குப் போய் வருடக்கணக்கில் இழுத்துப் பட்டம் எடுத்தாள். இப்போது அதே இடத்தில் பண்ணைக் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கிறாள். முதுகலை படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. ஒரு பேராசிரியர் எடுக்கச் சம்மதித்துவிட்டார், ஆனால் படிப்புச் செலவுக்குப் புலமைப்பரிசில் கிடைத்தால்தான். வேலையை விட்டுவிட்டுப் படிக்க எங்களுக்கு வேறு வழியில்லை. வயதும் முப்பதைத் தாண்டிவிட்டது. இந்த முறை தவறினால் இனி இல்லை என்று அவளே சொன்னாள்.

அதற்கு ஒரு நோக்க அறிக்கை எழுத வேண்டும், இரண்டு பக்கத்துக்குள். இவள் ஏழு பக்கம் எழுதி வைத்திருந்தாள். பார்கவி அதே துறையில் முனைவர் பட்டம் படிக்கிறவள், சென்னைப் பிள்ளை. செயின்ட்-மிஷேலில் உள்ள எங்கள் வீட்டு மேசையில் ஒரு ஞாயிறு மத்தியானம் அதை வாசித்து முடித்துவிட்டுச் சிவமலரிடம் கேட்டாள்.

"அக்கா, இதை யாருக்கு எழுதினீங்க?"

"புலமைப்பரிசில் குழுவுக்கு."

"ஜட்ஜுக்கு எழுதின மாதிரி இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதான், அப்படித்தான் எழுதினாள். அகதிக் கேஸ் எழுதும்போது வக்கீல் எங்களுக்குப் படித்துப் படித்துச் சொன்னது அதுதானே. பிறந்த நாளிலிருந்து வரிசையாக எழுது, ஒன்றையும் விடாதே, விட்டால் பொய்க்காரி என்பார்கள். கேஸ் எழுதின சனம் வேறு எப்படி எழுதும்? பத்திக்குப் பத்தி இலக்கம் போட்டு, இடம்பெயர்ந்தது, ஷெல் விழுந்தது, அண்ணையை ஆமி பிடித்துக்கொண்டு போனது, முகாமில் இருந்தது, கப்பல் ஏறியது எல்லாம் திகதியோடு இருந்தது. கிணறும் தண்ணீரும் கடைசிப் பக்கத்தில்தான் வந்தன.

பார்கவி சிவப்புப் பேனாவை எடுத்தாள். "நீங்க எவ்வளவு கஷ்டப்பட்டீங்கன்னு தீர்ப்பு சொல்ல அவங்க உக்காரலைக்கா. என்ன கேள்வியை ஆராயப் போறீங்க, இதுவரைக்கும் செஞ்சது அதுக்குப் போதுமா, ஏன் இந்தத் துறை, ஏன் இந்தப் பேராசிரியர், முடிச்சப்புறம் என்ன பண்ணுவீங்க. இதைத்தான் தேடுவாங்க. கடைசிப் பக்கம்தான் முதல்ல வரணும்."

"அப்ப எங்கட அண்ணை?" என்று கேட்டேன்.

"அவர் இதுல வேண்டாம்கா."

பேனா ஓடியது. அண்ணை போனார், முகாம் போனது, கப்பல் போனது. ஆடு நனையுதென்று ஓநாய் அழுத கதைதான் ஞாபகம் வந்தது. சும்மா வந்து உதவி செய்ய இவளுக்கு என்ன வேண்டுதலா? நேரே கேட்டுவிட்டேன்.

"பிள்ளை, நீயும் இதுக்குத்தான் விண்ணப்பம் போடுறியோ?"

"இது இங்க குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ இருக்கிறவங்களுக்குத்தான்கா. எனக்குத் தர மாட்டாங்க" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை.

அடுத்த ஞாயிறு நான் குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தபோது இரண்டு பேரும் குசுகுசுத்தார்கள். "அக்காட்டை எப்பிடிச் சொல்லுறது" என்று சிவமலர் சொன்னது காதில் விழுந்தது. நான் தேத்தண்ணியோடு போனதும் வாய் மூடிவிட்டது. என்ன சதி இது? அண்ணையை வெட்டியதோடு நிற்காமல், அவர் இருந்ததே இல்லை என்று எழுதுகிறார்களோ? பேந்து ஒரு நாள் யாராவது பழைய கேஸ் பைலையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன கதி? என் மனிசன் பேரின்பநாதன், "உனக்கு எல்லாத்திலையும் சந்தேகம்" என்று சொல்லிவிட்டு டிவியில் பழைய ஹொக்கி மட்ச் பார்க்கப் போய்விட்டார்.

அனுப்புவதற்கு முந்தின ஞாயிறு எனக்குப் பொறுக்கவில்லை. தேத்தண்ணிக்குக் கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு மேசைக்கு முன்னால் போய் இருந்தேன்.

"வாசி. முழுக்க, தமிழில."

சிவமலர் வாசித்தாள். முதல் பத்தி ஒரு கேள்வி. சுண்ணாம்புப் பாறை நிலத்தில், கிணற்றுக்குள் இறங்கும் நைட்ரேட் உரத்திலிருந்து வருகிறதா, மலசலகூடக் குழியிலிருந்து வருகிறதா என்பதை எப்படிப் பிரித்தறிவது? அடுத்தது, அவள் பட்டப்படிப்பில் செய்த ஆய்வும் பண்ணைக் கிணறுகளில் செய்த வேலையும். பிறகு, நைதரசனின் ஓரிடமூலகங்கள் எனப்படும் ஐசோடோப்புகளைக் கொண்டு மூலத்தைக் கண்டுபிடிக்கும் முறையில் அந்தப் பேராசிரியர் ஏன் அவளுக்குத் தேவை என்பது. கடைசியில், வீட்டுக் கிணறுகளைச் சோதிக்கும் ஒரு திட்டத்தை யாழ்ப்பாணத்தில் தொடங்குவது. குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் முதல் பத்திக்குக் கீழே சில வரிகளை மறைத்தபடி அவளுடைய பெருவிரல் அசையாமல் இருந்தது.

"கையை எடு."

"அக்கா..."

"எடு எண்டுறன்."

அவள் குரலை இறக்கி வாசித்தாள். "எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்த பால்மாவைக் குடித்த என் அக்காவின் கைக்குழந்தை, உடல் நீலம் பாரித்து இறந்தது. வைத்தியர் தண்ணீரைச் சந்தேகித்தார். சோதிக்க அங்கே வசதி இருக்கவில்லை. கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது என்பதும் எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை."

என் பிள்ளை. கேஸ் எழுதும்போது, ஒன்றையும் விடாதே என்ற அதே வக்கீல் அவனை வெட்டிவிட்டார், இது ஆமி செய்ததில்லை, தேவையில்லை என்று. அதற்குப் பிறகு எந்தக் கடதாசியிலும் அவன் இருந்ததில்லை.

"நான் நல்லாக் கொதிக்க வைச்சுத்தானே குடுத்தனான்" என்றேன்.

சிவமலர் கடதாசியை மடிக்கப் பார்த்தாள்.

"சொல்லு. கொதிச்சா என்ன?"

"தண்ணி வத்தும் அக்கா. நைட்ரேட் அப்பிடியே நிக்கும். இன்னும் கூடும்."

"உனக்கு எப்ப தெரியும்?"

"முதல் வருசம் படிக்கேக்கை."

இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதை விழுங்கி வைத்திருந்திருக்கிறாள். அறைந்திருப்பேன். அழவும் வந்தது. பின்னால் கேத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. பார்கவிதான் போய் நிற்பாட்டினாள். திரும்பி வந்து மெல்லச் சொன்னாள்.

"இது இல்லாமலும் அனுப்பலாம்கா. ஆனா இந்தக் கேள்வி இவங்களுக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு வேற எதுவும் சொல்லாது. இது உங்க கதை. நீங்க வேண்டாம்னா எடுத்துடறோம்."

ஏழு பக்கத்தையும் வெட்டினவள் இந்த மூன்று நாலு வரியை விட்டு வைத்திருந்தாள். அவளை இவ்வளவு நாளும் ஓநாய் என்று நினைத்திருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் சொல்லவில்லை.

"இருக்கட்டும்" என்றேன். "ஆனா ஆதாரம் கேப்பினம். கேக்காமல் விடாயினம்."

என் சந்தேகம் அவ்வளவு லேசில் போகிற சந்தேகமா? இடம்பெயர்வில் தொலைந்த மரணப் பத்திரத்துக்காக ஊரில் இருந்த மச்சான் இரவிச்சந்திரனைக் அரசாங்கக் கச்சேரி அலுவலகத்துக்கும் வீட்டுக்குமாக அலைய வைத்தேன். போர்நிறுத்தத்தில் யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்த காலம், பிரதி ஒன்று எடுத்து அனுப்பினான்.

சித்திரையில் சிவமலருக்குப் புலமைப்பரிசில் கிடைத்தது. அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நான் முதலில் கேட்டது இதைத்தான்.

"பிள்ளையைப் பற்றி என்ன கேட்டவை?"

"ஒண்டும் கேக்கேல்லை அக்கா."

"பத்திரம்?"

"இல்லை."

"அப்ப என்னெண்டு நம்பினவை?"

"எழுதினதை வாசிச்சு நம்பினவை."

பத்திரம் இன்னும் என் கைப்பையில் இருக்கிறது. அதில் அவன் பெயர் இருக்கிறது. யாராவது கேட்டால் காட்டலாம் என்று மெட்ரோவில் போகும்போதும் கொண்டுதான் போகிறேன். இன்னும் ஒருத்தரும் கேட்கவில்லை.